டேட்டா பேக் ரேடியோ விளம்பரம்: வேகம் குறையறத 20 செகண்டுக்குள்ள எப்படி சொல்றது?

கோடம்பாக்கம் ஸ்கிரிப்ட்: எஃப்எம்க்கு 20 செகண்ட் ஸ்பாட் எழுதறேன். ப்ரீபெய்டு பேக், 28 நாள், தினம் 2 ஜிபி, அது தீர்ந்தா 64 கேபிபிஎஸ். க்ளையன்ட் "28 நாளும் அன்லிமிடெட் டேட்டா"ன்னு ஆரம்பிக்க சொல்றாங்க, வேக விஷயத்த கடைசில ஃபாஸ்டா படிச்சுடலாம்ங்கறாங்க. படிச்சுப் பாத்தேன், ஒண்ணும் புரியல. எத வெட்டலாம்?

ரீசார்ஜ் கடை பெரம்பூர்: மொத்தமா 56 ஜிபின்னு சொல்லிடுங்க சார், கணக்கு சரியாதானே வருது, நேரமும் மிச்சம்.

மைக் அண்ணா: பெருக்கினா 56 தான், ஆனா கேக்கறவர் ஒரே நாள்ல 10 ஜிபி ஓட்டலாம்னு நெனப்பாரு. மிச்சமாறது மறுநாளைக்கு சேராதுன்னா அந்த நம்பர வெச்சு விக்கக்கூடாது. அப்புறம் தம்பி, வெறும் 64 கேபிபிஎஸ்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்த வேகத்துல 1 எம்பி போட்டோ ஒண்ணு எறங்கவே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும், எழுத்து மெசேஜ் மட்டும் போகும். அதயே சொல்லுங்க:

"இந்த பேக் 28 நாளைக்கு. தினமும் 2 ஜிபி. தீர்ந்துட்டா நெட் கட் ஆகாது, ஆனா 64 கேபிபிஎஸ்க்கு எறங்கிடும், மெசேஜ் போகும், வீடியோ ஓடாது. ராத்திரி 12 மணிக்கு மறுபடி 2 ஜிபி. மிச்சம் மறுநாளைக்கு சேராது."

நிதானமா படிச்சாலும் 20க்குள்ள அடங்கும். 12 மணின்னு இருக்கறத மட்டும் உங்க பேக்ல சரிபாத்துக்கோங்க. அன்லிமிடெட்ங்கற வார்த்தைய டேட்டா பக்கத்துல வைக்காதீங்க. முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு கடைசில அதுக்கே எதிரா டிஸ்க்ளெய்மர் போடறது, விளம்பரத் துறையோட சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ விதிக்கும் ஒத்துவராது.

வேளச்சேரி பிஜி: எனக்கு சாயங்காலமே 2 ஜிபி தீர்ந்துடுது, ஹாஸ்டல் வைஃபையும் இல்ல, எந்த பேக் போடலாம்?

மைக் அண்ணா: இது விளம்பரம் எழுதறத பத்தின கேள்விமா. ஆனா ஒண்ணு, ஆப் அப்டேட்டும் போட்டோ பேக்கப்பும் மொபைல் டேட்டால ஓடுதான்னு செட்டிங்ஸ்ல பாரு.

ரீசார்ஜ் கடை பெரம்பூர்: சரி, 56 வேணாம். ஆனா கவுன்டர்ல தினம் வர்ற சண்டை வேற. ராத்திரி 10 மணிக்கு போட்டவர், அந்த ரெண்டு மணி நேரமும் ஒரு நாள் கணக்கான்னு கேக்கறாரு. இன்னொருத்தர் 28 நாள மாசம்னு நெனச்சுட்டு ஒண்ணாம் தேதி வந்து நிக்கறாரு.

மைக் அண்ணா: அதனாலதான் "ஒரு மாசம்"ன்னு எங்கயும் எழுதாதீங்க, 28 நாள்னே சொல்லணும். 13 தடவை போட்டாதான் 364 நாள் வரும். ரீசார்ஜ் பண்ண நாளு சேருமாங்கறத க்ளையன்ட்கிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க.

கோடம்பாக்கம் ஸ்கிரிப்ட்: ரொம்ப தேங்க்ஸ்ணா. படிச்சுப் பாத்தேன், 18 செகண்ட் வருது. "கால் அன்லிமிடெட்"ன்னு கால்ங்கற வார்த்தைக்குப் பக்கத்துல மட்டும் வெச்சுக்கறேன், அது உண்மைதான். வீடியோ ஓடாதுங்கறத எடுக்க சொல்லி இப்பவே போன் வந்துடுச்சு, நான் விடப்போறதில்ல. நாள் கணக்குக்கு மெயில் போட்டிருக்கேன், பதில் இன்னும் வரல.