ஒரு விளம்பரம், ஒரே செய்தி: எதை வைப்பது, எதை விடுவது? உங்கள் அனுபவங்கள்

கொங்கு நோட்டீஸ்

சின்னக் கடைகளுக்கு நோட்டீஸும் பேப்பர் விளம்பரமும் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஈரோடு பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடைக்குத் தீபாவளி சமயத்தில் செய்த வேலையைச் சொல்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கடைக்காரர் கொடுத்த பட்டியலில் இருந்தவை: ஐந்து வகை எண்ணெய், மூன்று தலைமுறைக் கடை, கொலஸ்ட்ரால் இல்லாதது, வீட்டுக்கே டெலிவரி, தீபாவளித் தள்ளுபடி, மரச்செக்கு, சொந்தக் கடலை கொண்டு வந்தால் ஆட்டித் தரப்படும். "எல்லாத்தையும் போட்டுருங்க தம்பி, யாருக்கு எது பிடிக்குதோ அதை எடுத்துக்கட்டும்" என்றார். ஆனால் நோட்டீஸ் வாங்குபவர் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை, பேப்பருக்குள்ளிருந்து விழுகிறது, ஒரு பார்வை பார்ப்பார். ஏழு விஷயமும் ஒரே அளவு எழுத்தில் இருந்தால் "ஏதோ எண்ணெய்க் கடை" என்பதுதான் மனதில் நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக வருபவர்கள் காசு கொடுப்பதற்கு முன் என்ன கேட்கிறார்கள் என்று எழுதினேன். பழைய வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்கள் ஏற்கெனவே நம்பிவிட்டவர்கள். புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: "கலப்படம் இல்லையே?" அடுத்தது, "ரீஃபைண்டை விட ஏன் இவ்வளவு விலை?" டெலிவரி உண்டா என்று அரிதாகத்தான் கேட்டார்கள்.

அப்புறம் பட்டியலில் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியில் வடிகட்டினேன். அந்தச் சந்தேகத்துக்கு இது பதிலா? பக்கத்துக் கடையும் இதையே சொல்ல முடியுமா? "கொலஸ்ட்ரால் இல்லாதது" உடனே போனது. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருக்காது, பாக்கெட் எண்ணெய்காரரும் அதையே எழுதலாம். "சுத்தமானது" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நிரூபிக்க வழியில்லை. தள்ளுபடி போட்டால் விலைச் சண்டைக்குள் போய் நிற்போம், கலப்பட பயம் அப்படியே இருக்கும். மிஞ்சியது, அவர் பட்டியலின் கடைசியில் இருந்தது.

"உங்கள் கடலையைக் கொண்டு வாருங்கள். கண் முன்னே ஆட்டித் தருகிறோம்."

கீழே சின்ன எழுத்தில்: இரண்டரை கிலோ பருப்புக்குச் சுமார் ஒரு லிட்டர் கிடைக்கும், பிண்ணாக்கும் உங்களுக்கே. பிறகு முகவரி, போன். மற்றதெல்லாம் கடைக்குள் பலகையில் இருக்கிறது. வந்தவருக்கு அதைப் படிக்க நேரம் உண்டு.

வந்தவர்களில் பெரும்பாலோர் கடலை கொண்டு வரவில்லை. செக்கு ஓடுவதைப் பார்த்தார்கள், அங்கே இருந்த எண்ணெயையே வாங்கிப் போனார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அந்தச் செய்தி சேவையை விற்கவில்லை, சந்தேகத்தைத்தான் தீர்த்தது.

ஃப்ளெக்ஸ் கடை

பேனர் அடிக்கிறவன் என்ற முறையில் ஒரு கணக்கு சொல்கிறேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 11 மீட்டர் போகும். 200 அடி தூரத்தில் இருந்து போர்டு படிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து விநாடிதான், அதிலும் முக்கால்வாசி ரோட்டைத்தான் பார்ப்பார். நாங்கள் பார்க்கும் கணக்கு பத்து அடிக்கு ஒரு அங்குலம், அதாவது 200 அடிக்கு 20 அங்குல எழுத்து. பத்தடி உயரப் போர்டு என்றால் 120 அங்குலம். தமிழில் மேலே கொக்கி, கீழே சுழி எல்லாம் இருப்பதால் இடைவெளி தாராளமாக விடணும், மூன்று வரிதான் நிம்மதியாக நிற்கும். கடைப் பெயர் ஒன்று, போன் நம்பர் ஒன்று. மிச்சம் ஒரு வரி. இரண்டாவது செய்தி வேணும் என்கிறவர்களிடம் எழுத்து சின்னதாகும் என்று சொல்லி, நிஜ அளவில் ஒரு வரியை அச்சடித்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பிடித்துக் காட்டுவேன். பாதிப் பேர் அங்கேயே மாறிவிடுவார்கள்.

வாசகர் 72

சரிதான், ரோட்டோர போர்டில் எழுத்துக் குறைவாக இருக்கணும். ஆனால் பேப்பரில் முழுப்பக்கம் எடுத்தால் இந்த விதி கிடையாது. காசு கொடுத்த இடத்தை நிரப்ப வேண்டாமா? ஒரு செய்தி என்றால் நாலு வார்த்தையோடு முடிந்துவிடும்.

கொங்கு நோட்டீஸ்

சார், எழுத்துக் குறைவு வேறு, செய்தி ஒன்று என்பது வேறு. அமெரிக்காவில் 1959-ல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் செய்த "திங்க் ஸ்மால்" விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள். பெரிய வெள்ளை இடத்தில் ஒரு மூலையில் குட்டி கார், கீழே பத்திப் பத்தியாக எழுத்து. ஒரு கேலனுக்கு 32 மைல், ஒரு செட் டயருக்கு 40,000 மைல், சின்ன இடத்தில் நிறுத்தலாம், ரிப்பேர் செலவும் சின்னது என்று போகிறது. எல்லாமே சின்னக் கார் நல்லது என்பதற்குச் சாட்சி. சீட் அழகு, வண்ணம் என்று அதில் ஒரு வரி சேர்த்திருந்தால் அது இரண்டாவது செய்தி. தலைப்பை நம்ப வைக்கிற வரி எத்தனை வந்தாலும் பரவாயில்லை, வேறு ஒன்றைத் தொடங்குகிற வரிதான் கெடுக்கும்.

ஃப்ளெக்ஸ் கடை

அப்படிப் பார்த்தால் உங்கள் நோட்டீஸில் "பிண்ணாக்கும் உங்களுக்கே" எதில் சேரும்? மாடு வைத்திருப்பவருக்கு அது தனிச் சலுகை ஆயிற்றே.

கொங்கு நோட்டீஸ்

நல்ல கேள்வி. உங்கள் கடலையை எடுத்து வேறு கடலையை ஆட்டவில்லை என்பதற்கு அடையாளம் என்று நினைத்துத்தான் வைத்தேன். மாடு வைத்திருப்பவர் எப்படிப் படித்தார் என்று சொல்ல முடியாது. எழுத்தைப் பெரிதாக்கியிருந்தால் நீங்கள் சொல்வதுதான் ஆகியிருக்கும்.

கேக் வீடு

அண்ணா, நான் வீட்டிலேயே கேக் செய்கிறேன், வார இறுதியில் வகுப்பும் எடுக்கிறேன். ஒன்றை மட்டும் போட்டால் இன்னொன்றை நிறுத்திவிட்டேன் என்று நினைக்க மாட்டார்களா? நான் ஒரே ஒரு வகை கேக்தான் செய்ய வேண்டுமா?

கொங்கு நோட்டீஸ்

இல்லைம்மா, விற்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. பிறந்தநாளுக்கு கேக் தேடுகிற அப்பாவும், கற்றுக்கொள்ள வருகிற பெண்ணும் வேறு வேறு ஆட்கள். ஒருவருக்கு நேரத்துக்கு வருமா என்ற கவலை, இன்னொருவருக்குத் தனக்கு வருமா என்ற கவலை. இரண்டு விளம்பரமாகப் போடுங்கள். வகுப்பு விளம்பரத்தில் முதல் நாள் மாணவிகள் செய்த கேக்கின் படம் வையுங்கள், நீங்கள் செய்ததை வேண்டாம். எழுதியதும் தெரியாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்டி மடித்துவிடுங்கள். "இதில் என்ன சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். "அழகா இருக்கு" என்றாலோ, ஆளுக்கு ஒன்று சொன்னாலோ செய்தி போய்ச் சேரவில்லை.

ஜவுளிக்காரர்

முப்பது வருஷமாக ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் அடிக்கிறோம். சேலை, வேட்டி, சுடிதார், போர்வை என்று நாற்பது ஐட்டம் விலையோடு இருக்கும். கூட்டம் வருகிறது. உங்கள் விதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கொங்கு நோட்டீஸ்

அண்ணாச்சி, அந்த நாற்பதும் சேர்ந்து "இங்கே எல்லாமே விலை குறைவு" என்றுதானே சொல்கின்றன? ஆடியில் மக்கள் தேடுவதும் அதைத்தான். அங்கே பட்டியலே சாட்சி.

ஜவுளிக்காரர்

அது நீங்கள் வைக்கிற விளக்கம். போர்வை விலை பார்த்து வந்தவர் போர்வைக்குத்தான் வந்தார். சரி, உங்கள் எண்ணெய்க் கடைக்கே வருகிறேன். கூட்டம் அந்த வரிக்காக வந்ததா, தீபாவளிப் பலகாரம் சுட வந்ததா? அதை எப்படிப் பிரித்தீர்கள்?

கொங்கு நோட்டீஸ்

முழுதாகப் பிரிக்க முடியவில்லை. கண் முன்னே ஆட்டுவதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர்கள் நிறையப் பேர், அவ்வளவுதான் கையில் இருக்கிறது. பொங்கல் முடிந்து வியாபாரம் மந்தமான பிறகு, ஒரே மாதிரி இரண்டு பகுதிகளை எடுத்து, ஒன்றில் அவருடைய பழைய ஏழு விஷய நோட்டீஸ், இன்னொன்றில் இது என்று ஒரே நாளில் போடப் போகிறோம். இரண்டிலும் வேறு வேறு போன் நம்பர். கடைக்கு நேரே வருகிறவரிடம் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளப் பையனிடம் சொல்லியாயிற்று.

ஜவுளிக்காரர்

நோட்டீஸ் போடுகிற பையனையும் மாற்றிப் போடுங்கள். ஒரு பையன் எல்லா வீட்டிலும் கொடுப்பான், இன்னொருவன் கட்டோடு டீக்கடையில் வைத்துவிட்டுப் போவான்.