"கடை வீடு" குழு: காணாமல் போன பில் நம்பர்கள்

9 நவம்பர் 2025, ஞாயிறு இரவு

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். நாளை மறுநாள் 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். ஆடிட்டர் அக்டோபர் மொத்த வியாபார பில் எந்த நம்பரில் இருந்து எந்த நம்பர் வரை, அதில் கேன்சல் எத்தனை என்று கேட்கிறார். கவிதா அடித்த ஷீட்டில் 1188-ல் தொடங்கி 1263-ல் முடிகிறது. ஆனால் 73 வரிதான் இருக்கிறது. எந்தெந்த நம்பர் இல்லை என்று எப்படிப் பார்ப்பது? பிரபு, இருக்கிறாயா?

சுமதி அத்தை: வியாழக்கிழமை வளைகாப்புக்கு ஏழு வகை சாதமா, ஐந்து போதுமா? யாரும் பதிலே சொல்லவில்லை

மீனா: பில் தொலைந்தால் கடையில் போய் டூப்ளிகேட் கேட்கலாம் அண்ணா. என் மிக்ஸி வாரன்டிக்கு அப்படித்தான் வாங்கினேன்

செந்தில்: மீனா, நாம்தான் கடை 😄

குமார் சித்தப்பா: இதற்குப் போய் பிரபு எதற்கு. மேலே இருக்கிற நம்பரைக் கீழே இருக்கிறதில் கழி. 1 வந்தால் சரி. 2 வந்தால் நடுவில் ஒன்று இல்லை. நான் தனிக்கடை வைத்த நாளில் இருந்து இப்படித்தான் பார்க்கிறேன்.

கவிதா அண்ணி: செய்து பார்த்தேன் மாமா. ஓரிடத்தில் 28 வருகிறது. 27 பில் போச்சா?? 😰

குமார் சித்தப்பா: 27-ஆ! ராமு அண்ணன் கடையில் எப்போதும் இந்தக் கதைதான்

ராமநாதன் பெரியப்பா: புக் என் கையில்தான் இருக்கிறது.

பிரபு: 27 போகவில்லை, பயப்படாதீர்கள். அண்ணி, அந்த 28-க்கு ஒரு வரி மேலே மைனஸ் ஏதாவது வருகிறதா?

கவிதா அண்ணி: ஆமாம், -26

பிரபு: அந்த இடத்தில் ஒரு நம்பர் வரிசை தப்பி உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா சொன்ன கழித்தல் சரிதான், ஆனால் முதலில் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கிவிட்டுச் செய்ய வேண்டும். அடுக்கினாலும் "இங்கே ஓர் இடைவெளி" என்றுதான் காட்டும். நமக்கு நம்பரே வேண்டும், அதனால் வேறு வழி சொல்கிறேன்.

A-யில் முழு பில் நம்பர் இருக்கிறது, KV/25-26/1188 மாதிரி. அது எழுத்துதான், எண் இல்லை. B2-வில் கடைசி நாலு இலக்கத்தை எண்ணாக எடுத்து, 74-வது வரி வரை இழுங்கள்.

```
=VALUE(RIGHT(A2,4))
```

VALUE-வை விட்டுவிடாதீர்கள். RIGHT மட்டும் போட்டால் கண்ணுக்கு 1188 என்று தெரியும், ஆனால் MAX அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் 0 என்று சொல்லிவிடும்.

அப்புறம் இது:

```
=FILTER(SEQUENCE(76,1,1188),COUNTIF(B2:B74,SEQUENCE(76,1,1188))=0)
```

1188-ல் இருந்து 76 எண்களை அதுவே உண்டாக்கி, ஒவ்வொன்றும் B-யில் எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணி, பூஜ்யம் வந்ததை மட்டும் காட்டும்.

கவிதா அண்ணி: #NAME? என்று வருகிறது

செந்தில்: கடை கம்ப்யூட்டரில் இருப்பது 2013 எக்செல்

பிரபு: அதில் FILTER, SEQUENCE இரண்டும் கிடையாது. சரி, பழைய வழி. D2-வில் 1188 என்று அடித்து, D3-யில் `=D2+1` போட்டு 1263 வரும் வரை இழுங்கள். E2-வில் இதைப் போட்டு அதையும் இழுங்கள்:

```
=IF(COUNTIF(B2:B74,D2)=0,"இல்லை","")
```

சுமதி அத்தை: புளியோதரை யார் செய்வது

மீனா: நான் வளையல் மட்டும் வாங்கி வருகிறேன் அத்தை

கவிதா அண்ணி: பிரபு, 1196-க்கு அப்புறம் எல்லாமே "இல்லை" என்கிறது. நடுவில் 1214 மட்டும் சும்மா இருக்கிறது. நான் அத்தனையும் அடித்தேனே, தீபாவளி வாரம் ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அடித்தேன்

பிரபு: தப்பு என்னுடையது அண்ணி. டாலர் போட மறந்துவிட்டேன். இழுக்க இழுக்க B2:B74 என்பதும் B3:B75, B4:B76 என்று கீழே நகர்ந்துகொண்டே போகும். 1196 வரிசையில் இல்லாததால் 1197-க்குப் போகும்போது அது இருக்கிற வரி, தேடும் இடத்துக்கு ஒரு வரி மேலே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எல்லாமே அப்படித்தான்.

```
=IF(COUNTIF($B$2:$B$74,D2)=0,"இல்லை","")
```

கவிதா அண்ணி: வந்துவிட்டது 🙏 1196, 1219, 1220, 1241

குமார் சித்தப்பா: நாலா? 1188 முதல் 1263 வரை 76. அதில் 73 போனால் 3தானே. உன் ஃபார்முலா தப்பு.

பிரபு: நல்ல கேள்வி சித்தப்பா. இரண்டும் சரி. 73 வரி இருக்கிறது, ஆனால் ஏதோ ஒரு நம்பர் இரண்டு முறை இருக்கிறது. அப்போது வேறு நம்பர் 72தான். எண்ணிக்கையை மட்டும் கழித்துப் பார்த்தால் இரட்டிப்பு ஒன்று, காணாமல் போன ஒன்றை மறைத்துவிடும். அண்ணி, F2-வில் இதைப் போட்டு இழுங்கள், 2 வருகிற இடத்தைச் சொல்லுங்கள்.

```
=COUNTIF($B$2:$B$74,B2)
```

கவிதா அண்ணி: 1214. இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று சரியான இடத்தில், இன்னொன்று 1240-க்கும் 1242-க்கும் நடுவில்

கவிதா அண்ணி: ஐயோ. அது 1241. இலக்கம் மாற்றி அடித்திருக்கிறேன். மன்னார்குடி பார்ட்டி பில்

பிரபு: அந்த -26, 28, டாலர் இல்லாதபோது தப்பித்த 1214, எல்லாம் அந்த ஒரு வரிதான். A-யில் மாற்றிவிடுங்கள். மிச்சம் மூன்று. அதற்கு இனி புக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ராமநாதன் பெரியப்பா: 1196 கேன்சல். குத்துவிளக்கு ஆர்டர், ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மூன்று காப்பியும் புக்கிலேயே குறுக்குக் கோடு போட்டு இருக்கிறது.

பிரபு: அப்படியே இருக்கட்டும் பெரியப்பா, கிழிக்க வேண்டாம். அது கேன்சல் கணக்கில் 1 என்று போகும். இன்னொன்று, அக்டோபரில் கடைசியாகப் போட்ட பில் எது?

ராமநாதன் பெரியப்பா: 1265. 31-ம் தேதி.

செந்தில்: ஷீட்டில் 1263 வரைதானே இருக்கிறது

பிரபு: அதனால்தான் கேட்டேன். ஷீட்டில் இருப்பதை வைத்து எல்லை போட்டால், வால்பக்கம் விட்டுப்போனது எந்த ஃபார்முலாவுக்கும் தெரியாது. முதல் நம்பரும் கடைசி நம்பரும் புக்கைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 1264, 1265 இரண்டையும் அடித்து, B-யை 76-வது வரி வரை இழுத்து, E2 ஃபார்முலாவில் 74-ஐ 76 ஆக்கி, D, E இரண்டையும் 1265 வரை இழுங்கள். மொத்தம் 78.

கவிதா அண்ணி: காலையில் அடிக்கிறேன். புக்கைக் கொடுத்தால்

செந்தில்: அப்பா, 1219, 1220?

செந்தில்: அப்பா?

ராமநாதன் பெரியப்பா: அந்த இரண்டு தாளும் புக்கில் இல்லை. மூன்று காப்பியும் சேர்த்துக் கிழிந்திருக்கிறது.

குமார் சித்தப்பா: தீபாவளிக்கு முந்தின நாள் மாப்பிள்ளை வேனோடு வந்தாரே, அன்றைக்கா?

சுமதி அத்தை: குமார், அவரை இழுக்காதே

மீனா: 😶

செந்தில்: பிரபு, இரண்டையும் கேன்சல் என்று போட்டுவிடலாமா?

பிரபு: சரக்கு போயிருந்தால் அது கேன்சல் இல்லை அண்ணா. ஸ்டாக்கை எண்ணிப் பார்த்தால் ஓரளவு தெரியும். தாள் இல்லாமல் கேன்சல் என்று எழுதினால் நாளைக்குக் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. ஆடிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள்.

ராமநாதன் பெரியப்பா: காலையில் குடோனில் அண்டாவை எண்ணிவிட்டுச் சொல்கிறேன். இங்கே வேண்டாம்.

குமார் சித்தப்பா: நானும் வருகிறேன் அண்ணா

சுமதி அத்தை: சரி, ஐந்து சாதம். புளியோதரை கவிதா.

கவிதா அண்ணி: 11-ம் தேதி முடியட்டும் அத்தை