கன்னத்துக்குள்ள அதே இடத்துல அஞ்சு வாரமா ஆறாத புண்

திண்டுக்கல் தோழி:
எனக்கு 38 வயசு. காலேஜ் படிக்கிற காலத்துல இருந்தே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வாய்ப்புண் வரும். கன்னத்தோட உள்பக்கம், இல்லன்னா உதட்டுக்கு உள்ள, ஒரு உளுந்து அளவுக்கு. நடுவுல வெள்ளையா, சுத்தி சிவப்பா இருக்கும். மூணாம் நாள் ரசம் சாதம் கூட சாப்பிட முடியாது. பத்து நாள்ல தானா போயிடும், அடுத்தது வேற இடத்துல வரும். பரீட்சை நேரம், தூக்கம் கெட்ட வாரம், மாதவிலக்குக்கு முன்னாடின்னு வர்ற நேரம் எனக்கே பழகிப்போச்சு.

போன தீபாவளிக்கு அப்புறம் வந்தது மட்டும் போகல. இடது கன்னத்துல, கடைவாய்ப்பல்லுக்கு நேரா. வட்டமா இல்லாம நீளமா இருந்துச்சு. வழக்கமான வாய்ப்புண்தானேன்னு தேனும் தேங்காய் எண்ணெயும் தடவினேன், மணத்தக்காளிக் கீரை தினமும் சமைச்சேன். பல் வலிக்கு வாங்கி வச்சிருந்த கிராம்பு எண்ணெயைப் பஞ்சுல தொட்டு வச்சேன். அது பெரிய தப்பு. அந்த இடமே வெந்து, தோல் வெள்ளையா உரிஞ்சு, புண் ரெண்டு மடங்காச்சு. மருந்துக்கடையில கொடுத்த பேஸ்ட்டும் பத்து நாள் போட்டேன். அஞ்சாவது வாரம்தான் பல் டாக்டர்கிட்ட போனேன்.

அவங்க கையுறை போட்ட விரலால புண்ணோட ஓரத்தை அழுத்திப் பாத்தாங்க, கழுத்தைத் தடவிப் பாத்தாங்க. அப்புறம் "மெல்ல கடிங்க"ன்னு சொல்லி பல்லு கன்னத்துல படுற இடத்தைக் கவனிச்சாங்க. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அடைச்ச பல்லோட ஓரம் உடைஞ்சு கத்தி மாதிரி நின்னுருக்கு. ஒவ்வொரு வாய்க்கும் அது அங்கேயே உரசியிருக்கு. அஞ்சு நிமிஷத்துல ராவி வழவழப்பாக்கினாங்க. "ரெண்டு வாரம் கழிச்சு கட்டாயம் வாங்க. ஆறலைன்னா ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்"னு சொன்னாங்க. பன்னெண்டாம் நாள் புண் மூடிடுச்சு.

தஞ்சாவூர் அண்ணாச்சி:
தங்கச்சி, இதெல்லாம் உடம்புச் சூடு. பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை, காலையில மோர், வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுலதான் சரியாகும். பல்லு வரைக்கும் போக வேண்டியதில்ல.

அரசு மருத்துவமனை பல் பிரிவு, 20 வருஷ அனுபவம்:
அண்ணாச்சி சொல்றது பாதி சரி. சத்துக் குறைவால அடிக்கடி புண் வர்றவங்க நிறைய பேர் உண்டு. ஆனா குறையுறது எதுன்னு தெரியணும். பி காம்ப்ளக்ஸ்ல பொதுவா இரும்புச் சத்து இருக்காது. மாதவிலக்கு அதிகமா போற பொண்ணுங்களுக்கு இரும்புதான் குறையும். பால், முட்டை, கறி குறைவா சாப்பிடுறவங்களுக்கு பி12. மாத்திரையைத் தின்னுட்டு அப்புறம் ரத்தம் கொடுத்தா பி12 அளவு நல்லா இருக்கிற மாதிரி காட்டும். அதனால முதல்ல டெஸ்ட், அப்புறம் மாத்திரை.

தோழியோட கதையில நான் கவனிக்கச் சொல்றது இடத்தை. சாதாரண வாய்ப்புண் இடம் மாத்தி மாத்தி வரும், தொட்டா ஓரம் மெத்துனு இருக்கும், ரெண்டு வாரத்துல ஆறிடும். அதே இடத்துலயே நிக்குதுன்னா அங்க ஏதோ உரசுது, இல்லன்னா அது வேற புண்ணு. உரசுறதை எடுத்த பிறகும் ரெண்டு வாரத்துல ஆறலைன்னா காத்திருக்கக் கூடாது. காரணமே தெரியாம மூணு வாரம் நிக்கிற எந்தப் புண்ணையும், வலி இருந்தாலும் இல்லாட்டாலும், காட்டியாகணும்.

மதுரை அக்கா:
எனக்கும் இதே தொந்தரவு. உதட்டு ஓரம் ரெண்டு பக்கமும் வெடிச்சு, வாயைத் திறந்தா ரத்தம் வருது. நானும் பல் டாக்டர்கிட்ட போகணுமா?

அரசு மருத்துவமனை பல் பிரிவு, 20 வருஷ அனுபவம்:
அக்கா, நீங்க சொல்றது கடைவாய் வெடிப்பு. கன்னத்துக்குள்ள வர்றது இல்ல, அதுக்கு மருந்தும் வேற. பல்செட் போட்டிருக்கீங்களா, சுகர் இருக்கா? பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்டயே காட்டுங்க, அந்த ரெண்டையும் சொல்லுங்க.

சேலம்காரன்:
எங்க அப்பா கதையைச் சொல்றேன். 62 வயசு. முப்பது வருஷமா வெத்தலை பாக்கோட புகையிலை, எப்பவும் இடது கன்னத்துலதான் அடக்கி வைப்பார். அங்கே ஒரு புண். "சுண்ணாம்பு வெந்துருச்சு"ன்னார். வலி இல்லை, அதனால நாங்களும் விட்டுட்டோம். காரம் பட்டா எரியுதுன்னு தயிர் சாதமே சாப்பிட்டார். வாயைத் திறந்தா மூணு விரல் போகிற இடத்துல ரெண்டு விரல்தான் போச்சு. அதையும் வயசுன்னு நினைச்சோம். மூணு மாசம் கழிச்சு கழுத்துல கட்டி தெரிஞ்சப்பதான் கூட்டிட்டுப் போனோம். சதை எடுத்துப் பாத்தாங்க, புற்றுநோய். ஆபரேஷன், கரண்ட் வைத்தியம் எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது. இருக்கார், குழைய வடிச்ச சோறுதான். வலிக்கலையேன்னு விட்டோமே, அதைத்தான் இன்னும் தாங்க முடியல.

அரசு மருத்துவமனை பல் பிரிவு, 20 வருஷ அனுபவம்:
தம்பி, வலி இல்லாததால வராம இருந்தவங்களை நிறையப் பாத்திருக்கேன். தொட்டா ஓரம் கெட்டியா இருக்கிறது, பக்கத்துல வெள்ளையோ சிவப்போ திட்டு, உதடு மரத்துப்போறது, காரணமில்லாம பல் ஆடுறது, கழுத்துல கட்டி, இதுல எது இருந்தாலும் மூணு வாரம் கூட எண்ண வேண்டாம்.

திருப்பூர், நைட் ஷிப்ட்:
டூத்பேஸ்ட்டால வருமா? நுரை வராத பேஸ்ட்டுக்கு மாறினேன், நாலு மாசமா ஒரு தடவைதான் வந்துச்சு. ஆனா அதே சமயம் நைட் ஷிப்ட்டும் மாறிடுச்சு, எதனாலன்னு தெரியல.

அரசு மருத்துவமனை பல் பிரிவு, 20 வருஷ அனுபவம்:
நுரைக்காகப் போடுற சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்காது, சிலருக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. குறைஞ்சிருக்குல்ல, அதே பேஸ்ட்டை வச்சுக்கோங்க. பழைய பேஸ்ட்டுக்குத் திரும்பிப் பாத்தா பதில் கிடைக்கும், அதுக்கு மனசு வருமான்னு நீங்கதான் சொல்லணும்.

தோழி, மருந்துக்கடைப் பேஸ்ட் எப்படிப் போட்டீங்க? ராத்திரி சாப்பிட்டு வாய் கொப்பளிச்சு, புண்ணைச் சுத்தமான பஞ்சால ஒத்தி ஈரம் எடுத்துட்டு, கடுகளவு எடுத்து ஒத்தி வைக்கணும். தேய்ச்சா உதிர்ந்துடும். அதுல பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். சாதாரண வாய்ப்புண்ணுக்கு ஆரம்பத்துலயே போட்டா வலி சீக்கிரம் குறையும். ஒரு வாரத்துல அசையலைன்னா நிறுத்திட்டு வாயைக் காட்டுங்க.

திண்டுக்கல் தோழி:
நான் விரலால தேய்ச்சுத்தான் போட்டேன். இப்ப உப்புத் தண்ணி மட்டும்தான், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில அரை டீஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகு அரை நிமிஷம் வாயில வச்சுத் துப்புறேன். ரத்தமும் பாத்தேன். ஹீமோகுளோபின் 9.4, பி12 சரியா இருக்கு. இரும்பு மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு, நடுவுல ஒரே ஒரு சின்னப் புண். முழுசா நிக்குமான்னு இன்னும் சொல்ல முடியல.

தஞ்சாவூர் அண்ணாச்சி:
எழுதிட்டு வாயைக் கண்ணாடியில பாத்தேன். வலது கன்னத்துல ஒரு வெள்ளைத் திட்டு இருக்கு, துடைச்சா போகல. வலி இல்ல. நானும் பாக்கு போடுறவன்தான். எப்ப வந்துச்சுன்னே தெரியல.

சேலம்காரன்:
அண்ணாச்சி, நாளைக்குக் காலையிலேயே போங்க. பாக்கு போடுறதையும் எத்தனை வருஷம்னும் மறைக்காம சொல்லுங்க.