விதி எண்: 22 என்று நிறுத்துவதா, 4 என்று சுருக்குவதா?

மல்லிகா, காரிமங்கலம்: நான் பிறந்தது 27-08-1985. எண் கணிதம் பார்ப்பவர் என் விதி எண் 22 என்கிறார்; கைபேசிச் செயலி 4 என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பச்சையப்பன், பென்னாகரம்: கூட்டலில் யாரும் தவறவில்லை அம்மா, கூட்டிய வழிதான் வேறு. நாளையும் மாதத்தையும் ஆண்டையும் தனித்தனியே சுருக்கினால் 27 என்பது 9, மாதம் 8, 1985 என்பது 23 ஆகிப் பிறகு 5. மூன்றும் சேர்ந்து 22. எல்லா இலக்கங்களையும் ஒரே மூச்சில் கூட்டினால் 40, அதாவது 4. மேலைநாட்டு முறையில் 11 என்பது 2-இன் கூர்மையான வடிவம், 22 என்பது 4-இன் பெரிய வடிவம் என்று கருதுவதால் அவற்றைச் சுருக்காமல் விடுகிறார்கள். நம் பக்கத்து முறையிலோ ஒன்பது எண்களும் ஒன்பது கோள்களுக்கு உரியவை. 2 சந்திரனுக்கும் 4 ராகுவுக்கும் போனபின் 11, 22 ஆகியவற்றுக்குத் தனி இடமில்லை.

கணித ஆசிரியர், ஊத்தங்கரை: எப்படிக் கூட்டினாலும் கடைசியில் நிற்பது ஒன்பதால் வகுத்த மீதிதான் (மீதி இல்லையென்றால் 9) என்பதால், இரண்டு வழிகளுக்கும் வேறுபாடே கிடையாது. பதின்ம எண்முறையில் எழுதுவதால்தான் 11-உம் 22-உம் இரட்டையாகத் தெரிகின்றன.

பச்சையப்பன்: கடைசி இலக்கம் மாறாது என்பது சரி, ஐயா, ஆனால் மேலைநாட்டு முறைக்காரர்கள் கூட்டும்போது இடையில் எந்த எண் வந்தது என்பதைத்தான் பார்க்கிறார்கள். 10-03-1980 என்பதை நேராகக் கூட்டினால் 22. தனித்தனியே சுருக்கினால் 1, 3, 9 சேர்ந்து 13. மல்லிகா அம்மாவுக்கு நேர்ந்ததன் தலைகீழ் இது. தனித்தனியே முழுதும் சுருக்கினால் கூட்டுத்தொகை 27-ஐத் தாண்டாது என்பதால், அந்த வழியில் ஒரே இலக்கம் இரண்டு முறை வரும் எண்களில் 11, 22 தவிர வேறெதுவும் வரவே முடியாது. 33 வேண்டுவோர் வேறு வழியில்தான் கூட்ட வேண்டும்.

கணித ஆசிரியர்: அந்த 27 கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழியை மாற்றினால் மறையும் எண்ணை மனிதனின் குணம் என்று எப்படிச் சொல்வது?

முருகேசன், ஓசூர்: நான் 22-06-1979 அன்று பிறந்தவன். அப்படியானால் எனக்கும் 22 தானே அண்ணா?

பச்சையப்பன்: அது பிறந்த நாளின் எண், தம்பி. விதி எண்ணுக்கு 4, 6, 8 கூடி 18, அதாவது 9. நாளை 22 என்றே வைத்தாலும் கூட்டுத்தொகை 36 ஆகி அதே 9 தான்.

முருகேசன்: ஆனால் அது பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய தேதி, ஆடிப்பெருக்கு அன்று பிறந்தேன் என்பார் அம்மா. ஆகஸ்ட் 3 என்று வைத்தால் 3, 8, 8 கூடி 19, பிறகு 10, முடிவில் 1 வருகிறதே!

பச்சையப்பன்: எந்தத் தேதி உண்மை என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.