விலங்குச் சோதனை விவாதம்: கேள்விகள் தந்து உதவுங்கள்

வணக்கம். என் உயிரியல் வகுப்பில் விலங்குச் சோதனை பற்றி விவாதம் வைக்கப் போகிறேன். 'சரியா, தவறா' என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு உணர்ச்சியிலேயே நின்றுவிடும். அதனால் ஒரே ஒரு சோதனையை எடுத்திருக்கிறேன்.

ஊசி மருந்தில் காய்ச்சல் உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறதா என்று பார்க்க, முயலின் காதுச் சிரையில் மருந்தைச் செலுத்தி, மூன்று மணி நேரம் உடல் வெப்பத்தை அளப்பார்கள். அப்புறம் குதிரைலாட நண்டின் ரத்தச் சாற்றை வைத்துச் சோதனைக் குழாயிலேயே பார்க்கும் முறை வந்தது. முயல் தப்பியது, நண்டு மாட்டிக்கொண்டது! அந்தச் சாறு பாக்டீரியாவின் எண்டோடாக்சினைக் காட்டும். காய்ச்சல் தரும் மற்ற பொருட்களைப் பொதுவாகக் காட்டாது. மனித ரத்த வெள்ளணுக்களை வைத்துச் செய்யும் சோதனை இரண்டையும் கண்டறியும்.

இதுவரை எழுதிய கேள்விகள்: ஒரு விலங்குக்குப் பதில் இன்னொரு விலங்கைப் பயன்படுத்துவது மாற்றா? ரத்தம் எடுத்தபின் நண்டைக் கடலில் விட்டாலும் சில இறக்கின்றன. அந்த இழப்பை யார் கணக்கில் சேர்ப்பது? புது முறை பழையதற்கு ஈடு என்று ஏற்க எவ்வளவு ஆதாரம் போதும்?

நலவிதிகள் பகுதிதான் இன்னும் சப்பென்று இருக்கிறது. 1959-இல் ரசல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் விலங்குச் சோதனைக்காக முன்வைத்த மாற்று, குறைப்பு, துன்பத் தணிப்பு என்ற மூன்று நெறிகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் வேண்டும். உதாரணமாக, முயல்களின் எண்ணிக்கையைக் குறைக்க அதே முயலை மீண்டும் பயன்படுத்தினால் அதன் துன்பம் கூடுமே? இந்த மாதிரிக் கேள்விகள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.