5 மாதச் சம்பளம் பாக்கி: வழி சொல்லுங்கள்

வணக்கம். கோவையில் ஒரு சிறிய அச்சகத்தில் மாதம் 19,500 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தேன். 2024 ஜூலை முதல் நவம்பர் வரை சம்பளம் வரவில்லை. மொத்தம் 97,500 ரூபாய். டிசம்பரில் வேலையை விட்டுவிட்டேன்.

தொழிலாளர் துறையில் எழுதிக் கொடுத்தேன். முதலாளியை இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதல் தடவை "அடுத்த மாதம் தருகிறேன்" என்றார். இரண்டாவது தடவை "இவர் என் ஊழியரே இல்லை, காண்ட்ராக்ட் ஆள்" என்று சொல்லிவிட்டார். கேட்டதும் கை நடுங்கிவிட்டது, ஆறு வருடம் அங்கேதான் இருந்தேன்.

நியமனக் கடிதம் கிடையாது. ஜூன் வரை மாதாமாதம் சம்பளம் ஏறிய பாஸ்புக்கும், "தீபாவளிக்குள் பாக்கி செட்டில் பண்ணிடறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன.

1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டம், பிரிவு 15-இல் மனு போடலாம், 24,000 ரூபாய் வரம்புக்குள் நான் வருகிறேன் என்றார்கள். ஆனால் சம்பளம் தர வேண்டிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் போட வேண்டும். ஜூலை சம்பளம் ஆகஸ்ட் 7-க்குள் தந்திருக்க வேண்டியது. இப்போது 2025 ஜூன் கடைசி. பேச்சுவார்த்தையை நம்பிக் காத்திருந்தால் அந்த மாதம் கைவிட்டுப் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே மனு போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஊழியர்தான் என்று நிரூபிக்க, கூட வேலை பார்த்தவரின் சாட்சியம் உதவியதா? கோவையில் இந்த வழக்கு நடத்தும் தொழிற்சங்கத்தாரைத் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.