காத்திருப்பு நாள் முடிந்தும் எச்சம் வரம்பைத் தாண்டியது: ஒரு வெள்ளரி கேஸ்

பயிற்சி_பெஞ்ச்:
வகுப்பில் கொடுத்த கேஸ். பசுமைக்குடில் வெள்ளரி. அடித்த பூச்சிமருந்துக்கு, அடித்ததிலிருந்து பறிக்கும் வரை லேபிளில் காத்திருப்பு 3 நாள். 4-ஆம் நாள்தான் பறித்திருக்கிறார்கள். ஆய்வக முடிவு 0.74 மி.கி./கிலோ, காயில் அனுமதிக்கப்பட்ட எச்ச வரம்பான எம்.ஆர்.எல். 0.5. நாள் கணக்கு சரியாக இருந்தும் எப்படித் தாண்டியது? இதைச் சாப்பிட்டால் ஆபத்து என்று அறிக்கையில் எழுதலாமா?

கீரைப்பாத்தி:
காத்திருப்பு காலம் என்றாலே மருந்து முழுசாகப் போய்விட ஆகும் நாள்தானே. 4-ஆம் நாளும் இருக்கிறது என்றால் போலி மருந்தாக இருக்கும், இல்லாவிட்டால் ஆய்வகம் சொதப்பியிருக்கும். காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள், இறங்கிவிடும்.

மேசை_7:
முழுசாகப் போகிற நாள் இல்லைங்க அது. லேபிளில் சொன்ன பயிருக்கு, சொன்ன டோஸில், சொன்ன தடவை மட்டும் அடித்தால், எச்சம் எம்.ஆர்.எல்.லுக்குக் கீழே இறங்கிவிடும் என்று வயல் சோதனையில் பார்த்து வைத்த நாள். 3-ஆம் நாள் காயில் மருந்து இருக்கும். இருக்கத்தான் செய்யும்.

கழுவி அனுப்பினால் சோதனையே செல்லாது. எம்.ஆர்.எல். என்பது விற்பனைக்கு வருகிற நிலையில் உள்ள காய்க்கு. காம்பை நீக்கிவிட்டுத் தோலோடு முழுக் காயையும் அரைக்கிறோம், கழுவுவதில்லை. போதாததற்கு இது ஊடுருவும் வகை மருந்தாக இருந்தால் உள்ளே போனது கழுவி வராது.

அளவுகோல்:
நாளை விடுங்கள், டோஸைப் பாருங்கள். லேபிளில் ஹெக்டேருக்கு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? குடிலின் பரப்பு என்ன, எத்தனை டேங்க் அடித்தார்கள்? இந்த நான்கும் கேஸ் தாளில் இருக்கிறதா?

பயிற்சி_பெஞ்ச்:
இருக்கிறது. ஹெக்டேருக்கு 200 மில்லி, 500 லிட்டர் தண்ணீரில். குடில் 1000 சதுர மீட்டர். 15 லிட்டர் கைத்தெளிப்பான், டேங்குக்கு 6 மில்லி, மொத்தம் 7 டேங்க். லிட்டருக்கு 0.4 மில்லி வருகிறது, லேபிள்படி அதுவும் சரிதான்.

அளவுகோல்:
அந்த "அதுவும் சரிதான்" இருக்கிறதே, தப்பு அங்கேதான். 1000 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு 50 லிட்டர் தண்ணீர், 20 மில்லி மருந்து. அதாவது மூன்று டேங்கும் கொஞ்சமும். இவர்கள் 7 டேங்க் அடித்திருக்கிறார்கள்: 105 லிட்டர், 42 மில்லி. கலவையின் செறிவு சரி, அந்தப் பரப்புக்குப் போன மொத்த மருந்து இரட்டிப்புக்கும் மேல். லிட்டர் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, இலை சொட்டும் வரை அடிக்கிற எல்லா இடத்திலும் இதுதான் நடக்கும். பதிவேட்டில் "டேங்குக்கு 6 மில்லி" என்று மட்டும் எழுதியிருந்தால் தணிக்கையில் யார் கண்ணிலும் படாது.

0.74-ஐ 2.1-ஆல் வகுத்துப் பாருங்கள். 0.35 வரும். லேபிள் டோஸில் அடித்திருந்தால் வரம்புக்குள் இருந்திருக்கும்.

இன்னொன்று. டோஸ் இரட்டிப்பானால் காத்திருப்பும் இரட்டிப்பாகும் என்று பலர் எழுதுகிறார்கள், அப்படி இல்லை. எச்சம் பாதியாக 2 நாள் ஆகிறது என்றால், இரட்டை டோஸுக்கு அந்த 2 நாள்தான் கூடுதல். பாதியாக 6 நாள் ஆகிற மருந்து என்றால் கூடுதல் 6 நாள். அதனால் லேபிளின் 3-ஐ 6 ஆக்கினால் போதும் என்ற ஊகம் சில மருந்தில் பிழைக்கும், சில மருந்தில் மாட்டிவிடும்.

மேசை_7:
கணக்கு அழகாக வருகிறது, அதனாலேயே எனக்குச் சந்தேகம். இலையும் காயும் சொட்டுகிற நிலைக்கு வந்தபின் கூடுதலாக அடிப்பது தரைக்குத்தான் போகும். செறிவு மாறவில்லை என்றால் காயில் தங்குவதும் பெரிதாக மாறாது. தண்ணீர் இரட்டிப்பானால் படிவும் இரட்டிப்பு என்று சொல்ல முடியாது. கீழ் நுனியில் ஒரு சொட்டு தங்கிக் காயும், அவ்வளவுதான்.

அளவுகோல்:
ஒரே மூச்சில் அடித்திருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. முதல் சுற்று காய்ந்தபின் இன்னொரு சுற்று போயிருந்தால் படிவின் மேல் படிவு. தாளில் நேரம் எழுதியிருக்கிறதா?

பயிற்சி_பெஞ்ச்:
காலை 7 மணிக்கு 4 டேங்க், 10 மணிக்கு 3 டேங்க். முந்தைய பறிப்பு அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு. அடித்த பிறகு மூன்று நாளும் மேகமூட்டம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறது.

அளவுகோல்:
மூன்று மணி நேர இடைவெளி. முதல் சுற்று காய்ந்திருக்கும்.

மேசை_7:
மேகமூட்டத்தையும், அந்த இரண்டு நாள் முந்தைய பறிப்பையும் ஏன் தாண்டிப் போகிறீர்கள்? வெள்ளரியில் எச்சம் இறங்குவதில் பாதி வேலையைச் செய்வது மருந்தின் சிதைவு இல்லை, காயின் வளர்ச்சி. அடிக்கும்போது 40 கிராம் இருந்த பிஞ்சு பறிக்கும்போது 200 கிராம் ஆனால், மருந்து ஒரு துளிகூடச் சிதையாமலே கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கில் ஐந்தில் ஒன்றாகிவிடும். அடிப்பதற்கு முன் சுத்தமாகப் பறிக்காமல் விட்டதால், கிட்டத்தட்ட முற்றிய காய்கள் மேலேயே மருந்து விழுந்திருக்கிறது. அவை அதற்கப்புறம் வளர இடமில்லை. வெயிலும் இல்லாததால் பிஞ்சுகளும் மெதுவாகத்தான் பெருத்திருக்கும், ஒளியால் நடக்கிற சிதைவும் குறைவு. டோஸ் சரியாக இருந்திருந்தாலும் இந்த நிலையில் 0.5-ஐ ஒட்டித்தான் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உலர்களம்:
எங்களுக்கும் இதே பிரச்சினை. பச்சை மிளகாயில் 0.3 வந்தது, வரம்புக்குள். அதே சரக்கு காய்ந்தபின் 1.4. காத்திருப்பு நாளைக் கூட்டினால் சரியாகுமா?

மேசை_7:
உங்களுடையது வேறு விஷயம். 5 கிலோ பச்சை காய்ந்து 1 கிலோ ஆனால், தண்ணீர் போன இடத்தில் மருந்து அப்படியே நிற்கிறது, 0.3 கிட்டத்தட்ட 1.5 ஆகத்தான் செய்யும். காய்ந்த மிளகாய்க்குத் தனி எம்.ஆர்.எல். இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால், காய்ந்ததால் எத்தனை மடங்கு ஏறுகிறது என்ற கணக்கோடு பச்சையின் வரம்பை ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்குக்கு உங்கள் எடைப் பதிவு வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி:
காரணம் எதுவாகவும் இருக்கட்டும். வரம்பு 0.5, வந்தது 0.74. வரம்பு மீறிய உணவு பாதுகாப்பற்ற உணவு. அறிக்கையில் ஆபத்து என்றே எழுதுங்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

மேசை_7:
இரண்டு இருக்கிறது. முதலாவது, எம்.ஆர்.எல். விஷத்தன்மையிலிருந்து பிறந்த எண் இல்லை. லேபிள்படி அடித்தால் அதிகபட்சம் எவ்வளவு எச்சம் வரும் என்பதிலிருந்து வருவது. அந்த அளவு உடலுக்கு ஏற்குமா என்பதைத் தனியாகச் சரிபார்த்துவிட்டுத்தான் அனுமதிக்கிறார்கள். ஆகவே மீறல் உறுதியாகச் சொல்வது, லேபிள்படி நடக்கவில்லை என்ற சந்தேகத்தை. ஆபத்தா என்பதை வேறு கணக்குதான் சொல்லும்.

அந்தக் கணக்கு இதோ. 15 கிலோ குழந்தை ஒரு வேளையில் 150 கிராம் வெள்ளரி சாப்பிடுகிறது. 0.74 என்பது பல காய்களை அரைத்த சராசரி. ஒரு தனிக் காயில் கூடுதலாக இருக்கலாம் என்று மூன்று மடங்கு வைப்பது வழக்கம். 0.74 × 3 × 0.15 = 0.333 மி.கி. அதை 15-ஆல் வகுத்தால் உடல் எடை கிலோவுக்கு 0.022 மி.கி. இதை, அந்த மருந்தை ஒரே நாளில் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று வைத்திருக்கும் உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். அது 0.1 என்றால் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டியிருக்கிறோம், பிரச்சினை இல்லை. 0.005 என்றால் நாலு மடங்குக்கும் மேல். சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதுதான். இரண்டு மருந்துக்கும் எம்.ஆர்.எல். மீறல் ஒரே 0.74-தான். மருந்தின் பெயரே தெரியாமல் "ஆபத்து" என்று எழுத முடியாது, "ஆபத்தில்லை" என்றும் எழுத முடியாது.

இரண்டாவது, அளவீட்டில் உள்ள ஊசலாட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் எச்ச ஆய்வுகளுக்கு 50 சதவீதம் வைத்துக்கொள்கிறார்கள். 0.74-இல் பாதியைக் கழித்தால் 0.37. வரம்புக்குக் கீழே. அங்கே ஓர் அதிகாரி இதை மீறல் என்று நிறுவ முடியாது. 1.0-ஐத் தாண்டினால்தான் முடியும்.

சட்டப்படி:
அப்படியென்றால் வரம்பு 0.5 இல்லை, 1.0 என்றாகிவிட்டதே! அதற்கு எதற்கு வரம்பு?

அளவுகோல்:
இந்த இடத்தில் நானும் சட்டப்படி பக்கம். அந்த 50 சதவீதம் வழக்குப் போடுகிற அதிகாரிக்கு. சந்தேகத்தின் பலன் எதிராளிக்குப் போகட்டும் என்று வைத்தது. தன் சரக்கைத் தானே சோதிக்கிறவர் அதைத் தனக்குச் சாதகமாகக் கழித்துக்கொண்டு விற்கக் கூடாது. உண்மை அளவு 0.37 ஆக இருக்கலாம் என்றால் 1.11 ஆகவும் இருக்கலாம். விற்கிறவர் அந்த மேல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கீரைப்பாத்தி:
அப்படிப் பார்த்தால் 0.33-க்குக் கீழே வந்தால்தான் விற்க முடியும். தினமும், இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கிற பயிர் இது. மூணு நாள் காத்திருந்தாலே காய் முற்றிப் போகும். யாரால் முடியும்?

அளவுகோல்:
0.33 சரியான கணக்கு. பயிரைப் பற்றியும் சரியாகத்தான் சொன்னீர்கள். அதனால்தான் அடிக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். அடுத்த இரண்டு நாளில் பறிபடக்கூடிய காய் வரைக்கும் ஒட்டப் பறித்துவிட்டு, அன்று மாலையே அடிக்க வேண்டும். மிச்சமிருப்பது பிஞ்சு மட்டும். அவை மூன்று நாளில் வளர்ந்து எச்சத்தையும் தாங்களே குறைத்துக்கொள்ளும். இடையில் முற்றிவிடும் காயைப் பறித்து அழிக்க வேண்டும், சரக்கில் சேர்க்கக் கூடாது. காத்திருப்பு 7 நாள் உள்ள மருந்தைப் பறிப்பு நடக்கிற வெள்ளரியில் எடுக்கவே கூடாது. அதைப் பூப்பதற்கு முன்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பயிற்சி_பெஞ்ச்:
அப்போது காரணம் என்று எதை எழுதுவது, டோஸா, முற்றிய காயா?

மேசை_7:
பெரிய காயையும் சின்னக் காயையும் தனித்தனியாக அரைத்திருந்தால் தெரிந்திருக்கும். பெரியதில் மட்டும் உச்சம் என்றால் பறிப்புத் தவறு, இரண்டிலும் உயர்வு என்றால் டோஸ். இப்போது எல்லாம் ஒன்றாக அரைத்து உறையவைத்த கூழ், அதிலிருந்து பிரிக்க வழியில்லை. மாதிரிக்கு எத்தனை காய் எடுத்தார்கள்?

பயிற்சி_பெஞ்ச்:
மூன்று.

மேசை_7:
சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டியில் 25 முதல் 250 கிராம் வரையுள்ள காய்க்குக் குறைந்தது 10 காய், 1 கிலோ. மூன்று காயில் ஒன்று சொட்டு தங்கிய முற்றல் காயாக இருந்தாலே எண் மேலே ஏறும்.

சட்டப்படி:
இறங்கவும் செய்யும். மூன்றுமே நல்ல காயாக மாட்டியிருந்தால் சரக்கு முழுக்க இதைவிட மோசம். மாதிரி குறைவு என்பதை வைத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள்.

அளவுகோல்:
அதனால் சரக்கு நிற்கட்டும், 10 காயில் மறுபடி எடுங்கள். டோஸ் கணக்கு எப்படியும் தனிக் குறைபாடாக அறிக்கையில் வர வேண்டும், மறுமுடிவு 0.3 என்று வந்தாலும்.